கையை வெட்டினால் பொட்டு ஏன் நீள்கிறது?

என் சித்தி மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் உருப்படியாக வந்திருந்தது. மாப்பிள்ளை குனிந்திருக்கிறார், பெண் தலை கவிழ்ந்திருக்கிறாள், பின்னால் நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் கை நீட்டிக் காத்திருக்கிறாள். மூன்று முகங்களும் தெளிவு. ஆனால் வலது ஓரத்தில், கடிகாரம் கட்டிய ஒரு கை மட்டும் மிதக்கிறது. கெட்டிமேளம் கேட்டதும் யாரோ அட்சதை போட்ட கை. கைக்கு உரியவர் படத்தில் இல்லை.

ஒரு காலத்தில் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிப்பட்ட படங்கள் சொந்தக்காரர்களிடமிருந்து என்னிடம் வந்து சேரும். “அந்தக் கையை மட்டும் வெட்டிடுடா” என்றார் சித்தி. வெட்டுவது நொடி வேலை. வெட்டிய பிறகு அந்தப் படம் 12×18 அங்குலச் சட்டத்துக்குள் உட்கார வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலான பெரிய கேமராக்கள் 3-க்கு 2 என்ற விகிதத்தில் படம் எடுக்கின்றன. அகலம் 3 பங்கு, உயரம் 2 பங்கு. 35 மி.மீ. ஃபிலிமில் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமுமாக விழுந்த படத்தின் வழி வந்த கணக்கு இது. 4×6, 8×12, 12×18 அங்குல பிரிண்டுகளுக்கும் இதே விகிதம்தான். எனவே கேமராவில் வந்த படத்தை அப்படியே லேபுக்குக் கொடுத்தால் ஏறக்குறைய முழுசாக வந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிய நொடியில் இந்தப் பொருத்தம் கெடுகிறது.

கணக்கோடு பார்க்கலாம். சித்தி மகள் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். கை வலது ஓரத்திலிருந்து உள்ளே 420 பிக்சல் வரை வந்திருந்தது. அதை மட்டும் வெட்டினால் மிச்சம் 5580×4000. இது 3-க்கு 2 இல்லை. கொஞ்சம் சதுரத்தை நோக்கி நகர்ந்துவிட்ட படம். இதை 12×18-க்கு அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். தாளை நிரப்பச் சொல்லியிருந்தால் அதிகப்படியான உயரத்தை லேபின் மென்பொருளே வெட்டிவிடும். அது முகம் பார்த்து வெட்டுவதில்லை. பொதுவாக மேலே பாதி, கீழே பாதி. படத்தை முழுசாகப் பொருத்தச் சொல்லியிருந்தால் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை நிற்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அதுதான் மோசம். வெட்டிய படத்தைப் பிடித்து இழுத்து மறுபடி 6000×4000 ஆக்கிவிடுவது. ஆல்பம் வேலையில் அவசரக்காரர்கள் இதைச் செய்வார்கள். விகிதப் பூட்டைக் கழற்றிவிட்டு வலது விளிம்பைப் பெட்டி நிறையும் வரை இழுத்தால் போதும், இடைவெளி மறைந்துவிடும். ஆனால் 5580-ஐ 6000 ஆக்கும்போது படத்தில் உள்ள எல்லாமே ஏழரை சதவீதம் அகலமாகிறது. முகத்தில் இது சட்டென்று பிடிபடாது. “என்னமோ குண்டாத் தெரியுறேனே” என்று பெண் சொல்வாள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. முகத்தை விட்டுவிட்டு வட்டங்களைப் பாருங்கள். நேராகப் பார்க்கும் நெற்றியில் உள்ள வட்டப் பொட்டு, சுவர்க் கடிகாரம், வாழ்த்துப் பலகையில் எழுதிய ‘ஓ’ போன்ற எழுத்துகள். இவை படுக்கைவாக்கில் முட்டையாகியிருந்தால் யாரோ இழுத்திருக்கிறார்கள். கழுத்து குறுகியும் தோள் விரிந்தும் தெரிவது அடுத்த அடையாளம்.

சரியான வழிக்குக் கணக்கு சின்னது. அகலத்தில் 3 பிக்சல் எடுத்தால் உயரத்தில் 2 எடுக்க வேண்டும். 420-ஐ மூன்றால் வகுத்தால் 140. இரண்டால் பெருக்கினால் 280. ஆக மிஞ்சுவது 5580×3720. இது மறுபடி அச்சு அசல் 3-க்கு 2. செல்போன் படங்கள் பெரும்பாலும் 4-க்கு 3. அதில் 4 எடுத்தால் 3 எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் சின்னதாகிவிடுமே என்ற கவலை இந்த அளவுக்குத் தேவையில்லை. 5580 பிக்சலை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 310 பிக்சல் வருகிறது. அச்சுக்கு 300 இருந்தாலே நல்ல தரம். படத்தின் பரப்பில் சுமார் 14 சதவீதம் போயிருக்கிறது. பிரிண்டில் அது தெரியப்போவதில்லை.

வலப்பக்கம் வெட்டிய பாவத்துக்கு உயரத்தில் 280 பிக்சல் அபராதம் கட்டியாக வேண்டும். அதை எங்கே கட்டுவது? மேலேயா, கீழேயா, பாதிப் பாதியா? வெட்டும் வேலையில் கண்ணுக்கும் புத்திக்கும் வேலை இருக்கிற இடம் இதுதான். மற்றதெல்லாம் மென்பொருள் செய்துவிடும்.

அந்தப் படத்தில் நாத்தனாரின் கொண்டைக்கு மேலே சுமார் 500 பிக்சல் வெறும் மணவறைப் பூ அலங்காரம். கீழ் விளிம்பை ஒட்டித் தேங்காயும் வெற்றிலையும் வைத்த தாம்பாளம், முழுவட்டமாக. லேப் செய்வதுபோல் பாதிப் பாதியாகப் பிரித்தால் கீழே 140 போகும், தாம்பாளத்தின் வயிறு அறுபடும். ஆகவே முழுசையும் மேலே எடுக்கத் தீர்மானித்தேன். மென்பொருளில் விகிதத்தை 3:2 என்று பூட்டிவிட்டு, வெட்டும் சட்டத்தின் வலது மேல்மூலையைப் பிடித்து உள்நோக்கி நகர்த்தினேன். விகிதம் பூட்டியிருந்தால் அந்த மூலை தன் இஷ்டத்துக்கு அலையாது. இடது கீழ்மூலையை நோக்கிய மூலைவிட்டத்தில்தான் வரும். கை மறைந்த இடத்தில் நிறுத்தினேன். மேலே 280 போய், கொண்டைக்கு மேல் 220 மிஞ்சியது. போதும்.

பிறகுதான் கவனித்தேன், கீழ் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் மூடி எட்டிப் பார்க்கிறது. நம் கல்யாணப் படங்களில் பாட்டில் இல்லாத மணவறையைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! சட்டத்தை அப்படியே 60 பிக்சல் மேலே ஏற்றினேன். மூடி போயிற்று, தாம்பாளத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை இடம் நின்றது. இப்போது மேலே 220, கீழே 60. எப்படியும் கட்ட வேண்டிய அபராதத்தில் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது.

இடையில் ஒரு இழப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே பக்கம் வெட்டினால் நடுவில் இருந்தவர் நடுவில் இருக்க மாட்டார். 3000-ஆவது பிக்சலில் இருந்த பெண், 5580 அகலப் படத்தில் நடுவிலிருந்து 210 பிக்சல் வலப்பக்கம் தள்ளிப் போகிறாள். இந்தப் படத்தில் மாப்பிள்ளை இடமிருந்து குனிவதால் அது உறுத்தவில்லை. ஆனால் இருவரும் நேர் நடுவில் நின்று எடுத்துக்கொண்ட வரவேற்புப் படமாக இருந்தால், இருபுறமும் ஒரே அலங்காரத் தூண் இருந்தால், ஒரு தூண் மெலிந்து நிற்கும். அப்போது இடப்பக்கமும் 420 வெட்ட வேண்டும். உயர அபராதமும் இரட்டிப்பாகி 560 ஆகும். அவ்வளவு இடம் தலைக்கு மேலே இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வெட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: எந்த அளவில் பிரிண்ட் போடப் போகிறீர்கள்? எல்லாச் சட்டமும் 3-க்கு 2 இல்லை. 8×10 அங்குலச் சட்டம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் விகிதம் 5-க்கு 4. 4000 உயரத்துக்கு அது 5000 அகலம்தான் கேட்கும். கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1000 பிக்சல் அகலம் போகத்தான் போகிறது. அந்த ஆயிரத்தையும் வலப்பக்கத்திலிருந்தே எடுத்தால் கை இலவசமாகப் போய்விடும், உயரத்தில் ஒரு பிக்சல்கூடத் தொட வேண்டாம். 5×7-க்கு 5600 அகலம் வேண்டும். 400 போகும், நம் கைக்கு இன்னும் 20 தேவை, அதற்கு உயரத்தில் 14 கொடுத்தால் முடிந்தது. 3-க்கு 2 ஆக அழகாக வெட்டிவிட்டு, பிறகு அதையே 8×10-க்கு அனுப்பி இரண்டாம் முறை வெட்டு வாங்கிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வெட்டில் போவது பெரும்பாலும் யாருடைய தோளாகவோ இருக்கும்.

படம் சாய்ந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்திவிட வேண்டும். ஒரு டிகிரி நிமிர்த்தினாலே, விகிதம் மாறாமல் வைத்துக்கொண்டால், 6000 அகலத்தில் இருபுறமும் சேர்த்துச் சுமார் 150 பிக்சல் போய்விடுகிறது. ஓரத்தில் எட்டிப் பார்த்தது வெறும் விரல்நுனி என்றால் நிமிர்த்துவதிலேயே அது காணாமல் போகலாம்.

இந்தக் கைகள் எல்லாம் எப்படி உள்ளே வருகின்றன? படம் எடுத்தவருக்குக் கண் இல்லையா என்று கேட்பது எப்போதும் நியாயம் அல்ல. கண்ணாடி வைத்த பழைய டிஜிட்டல் கேமராக்களில், விலை குறைந்த மாடல்களின் பார்வைத் துளை படத்தில் சுமார் 95 சதவீதத்தைத்தான் காட்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சதவீதம் அவர் பார்க்காமலேயே பதிவாகிறது. 6000 பிக்சலில் அது 150. ஒரு விரல் தாராளமாக நுழையும் இடம். ஃபிலிம் காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஸ்லைடு மாட்டும் அட்டைச் சட்டமும் பிரிண்ட் போடும் கருவியில் நெகட்டிவைப் பிடிக்கும் சட்டமும் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும். வேண்டாத விரலை யாரும் கேட்காமலே லேப் வெட்டிக்கொண்டிருந்தது. இப்போது முழுப் படமும் திரையில் வருகிறது. கண்ணாடி இல்லாத புதிய கேமராக்களிலும் போனிலும் பதிவாவது ஏறக்குறைய அப்படியே கண்ணில் தெரியும். அதிலும் விரல் வந்தால் எடுத்தவரைத் தாராளமாகத் திட்டலாம்.

ஓரமில்லாத பிரிண்ட் போடும்போது இன்றும் லேப் படத்தைத் துளி பெரிதாக்கித்தான் தாளில் விழச் செய்கிறது, விளிம்பில் வெள்ளைக் கோடு வராமல் இருப்பதற்காக. அதை நம்பி விரல்நுனியை விட்டுவைக்கக் கூடாது. எவ்வளவு போகும் என்று லேபுக்கு லேப் மாறும். ஆனால் நமக்கு வேண்டியது எதுவும் விளிம்பை உரசிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்கு இது காரணம். தாம்பாளத்துக்குக் கீழே ஒரு விரல்கடை விட்டதும் இதனால்தான்.

கை மறைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது வழக்கமான தவறு. அட்சதை போடும் கை ஆடும் கை. அதன் விளிம்பு கூர்மையாக இருக்காது, மங்கலாகக் கரைந்திருக்கும். திரையில் முழுப் படமாகப் பார்க்கும்போது அந்தக் கரைசல் தெரியாது. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வெட்டிய விளிம்பை மேலிருந்து கீழே ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். தோல் நிறத்தில் ஒரு தீற்றல் நின்றால் இன்னும் 20, 30 பிக்சல் உள்ளே போக வேண்டும். பிறகு கையின் நிழல். கை போன பிறகும் அதன் நிழல் பெண்ணின் தோளில் விழுந்திருந்தால் அதை வெட்டால் தீர்க்க முடியாது. சித்தி மகள் படத்தில் நிழல் இல்லை, ஆனால் ஓரத்தில் இருந்த குத்துவிளக்கின் தண்டில் அந்தக் கை வளைந்து பிரதிபலித்தது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

வெட்டவே முடியாத படங்களும் உண்டு. முழு உருவ வரவேற்புப் படம். தலைக்கு மேலே இடமில்லை, காலுக்குக் கீழேயும் இல்லை. வலது ஓரத்தில் வெற்றுத் திரையின் மேல் 120 பிக்சல் நீளத்தில் ஒரு விரல். 120-க்கு அபராதம் 80; அதைக் கொடுக்க வழியில்லை. இங்கே ஒரு சின்னக் குறுக்கு வழி உதவும். வலப்பக்கம் 120 வெட்டி 5880×4000 ஆக்கிவிட்டு, பெண்ணின் தோளுக்கும் விளிம்புக்கும் நடுவே வெறும் திரையாக இருக்கும் 600 பிக்சல் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து அதை 720 ஆக இழுப்பது. மொத்தம் மறுபடி 6000. மனிதர்களைத் தொடவில்லை, துணிதான் நீண்டது. திரை ஒரே நிறமாக, மங்கலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அதில் சின்ன விளக்குச் சரமோ பூக்கோலமோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வட்டங்கள் முட்டையாகி மாட்டிக்கொள்வீர்கள். அதற்கும் வழியில்லை என்றால், பக்கத்துத் துணியை நகலெடுத்து விரலின் மேல் ஒட்டி மறைப்பதுதான் கடைசி.

வெட்டுவதற்கும் மறைப்பதற்கும் உள்ள தூரம் குடும்ப ஆல்பத்தில் பெரிதில்லை. வேறு இடங்களில் பெரிது. அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் முகமாக ஆகிவிட்ட ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தை டோரத்தியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்தார். அதன் வலது கீழ்மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. அதை அவர் வெட்டவில்லை. அந்தப் பக்கம் தாயின் மடியில் குழந்தை. சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவிலேயே அந்த விரலை மங்கச் செய்துவிட்டார்கள். அவரை வேலைக்கு அமர்த்தியிருந்த அரசுத் துறையின் படப் பிரிவுத் தலைவர் ராய் ஸ்டிரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கைவைத்தது தவறு என்பது அவர் கட்சி. விரல் இருந்தபோது போட்ட பிரிண்ட், விரல் மறைந்த நெகட்டிவ் இரண்டும் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் மறைந்த விரலின் ஆவியும் தெரியும்.

2010-இல் ஸ்டெபான் ருதிக் என்ற உக்ரைன் புகைப்படக்காரரின் பரிசை வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டி திரும்பப் பெற்றது. தெருச் சண்டைக்காரர்கள் பற்றிய தொடரில், துணிக்கட்டுப் போட்ட ஒரு கையின் அண்மைப் படம். பெரிய படத்திலிருந்து அதை அவர் ஏராளமாக வெட்டியே எடுத்திருந்தார். கறுப்பு வெள்ளையாகவும் மாற்றியிருந்தார். அதையெல்லாம் போட்டி பொருட்படுத்தவில்லை. கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த இன்னொருவரின் பாதத் துணுக்கை அழித்திருந்தார், அதுதான் குற்றம். சட்டத்துக்கு வெளியே தள்ளியிருந்தால் பரிசு நின்றிருக்கும். ஆனால் அந்தப் பாதம் ஓரத்தில் இல்லையே, கையை ஒட்டி அல்லவா இருந்தது!

சித்தி வீட்டுக்கு வருவோம். படம் 12×18 ஆகச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து பெரிய மாமா வந்தார். சட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

“ஏம்ப்பா, நான் அட்சதை போடறப்ப பளிச்சுன்னு பிளாஷ் அடிச்சுதே. நான் இதுல இருக்கணுமே?”

மாமாவின் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். அதே கடிகாரம்.

நல்லவேளை, வெட்டும்போது Delete Cropped Pixels என்ற பெட்டியில் டிக் எடுத்துவிட்டுத்தான் வெட்டியிருந்தேன். போட்டோஷாப் கோப்பாகவும் சேமித்திருந்தேன். அந்த டிக் இருந்திருந்தாலோ, ஜேபெக் ஆக மட்டும் சேமித்திருந்தாலோ வெட்டிய பகுதி அந்தக் கோப்பில் இருந்திருக்காது. அன்று மாலையே கோப்பைத் திறந்து, சட்டத்தின் மூலையைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். மேலே பூ அலங்காரம் வந்தது, கீழே பாட்டில் மூடி வந்தது, வலப்பக்கம் கடிகாரத்தோடு கையும் வந்தது. 4×6-இல் ஒரு பிரிண்ட் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். பர்ஸில் அடங்காது என்றார்.